இரவு பத்தரைக்கு வகுப்பா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சாதாரண தரப் பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் தில்லையடியில் வெளிநாட்டுச் சொந்தம் இல்லாத வீடு குறைவு. ஒருவர் தோஹாவில், ஒருவர் ஜித்தாவில், ஒருவர் லண்டனில் இருப்பார். ஊர் விசயம் எதுவாக இருந்தாலும் அவர்களும் சேர்ந்துதான் செய்கிறோம். ஆகவே கூகுள் கலண்டர் போன்ற ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொள்வது எங்களுக்கு வசதி. ஆனால் அந்தப் பொதுக் கலண்டரே பிழையான மணியைக் காட்டினால் என்ன நடக்கும், ஏன் அப்படிக் காட்டுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆசிரியர்கள் நாங்கள் படித்துக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

2025 ஒக்டோபரில் பிள்ளைகளுக்கு இணையவழி மீட்டல் வகுப்பு தொடங்கினோம். இஷாவுக்குப் பிறகு, இரவு 8.00 முதல் 9.30 வரை. நேரசூசியைக் கணினியில் அட்டவணையாக அடித்து, தோஹாவில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவருக்கு அனுப்பினோம். அவர் ஒரு புதுக் கலண்டர் திறந்து, அட்டவணையை அப்படியே அதில் ஏற்றி, இணைப்பைப் பெற்றோர் குழுவில் போட்டார். ஏற்றி முடிந்ததும் தன் போனில் பார்த்தார். வெள்ளி கணிதம் 8.00. சனி விஞ்ஞானம் 8.00. நாங்கள் அனுப்பிய தாளில் இருந்த அதே மணி. "எல்லாம் சரி டீச்சர்" என்று குரல் பதிவும் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை 8 மணிக்கு வகுப்பைத் திறந்தோம். பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. வந்தவர்கள் நேரசூசியின் படத்தைப் பார்த்து வந்தவர்கள். கலண்டரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அடுத்த நாள் ஒரு உம்மா தொலைபேசியில் எங்களைப் பிடித்துக்கொண்டார். "என்ன டீச்சர், இரவு பத்தரைக்கு வகுப்பா? குமர்ப் பிள்ளையை அந்த நேரத்தில் போனோடு விட ஏலுமா? நான் விட மாட்டன்" என்றார். அவர் கேட்டதில் என்ன பிழை? அவருடைய போனில் கணித வகுப்பு 10.30 முதல் 12.00 வரை என்றுதான் இருந்தது. நினைவூட்டும் மணி இரவு பத்து மணிக்கு அடித்திருக்கிறது. சில பிள்ளைகள் பத்தரைக்கு உள்ளே வந்து, யாரும் இல்லாமல் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விசயம் விளங்குவதற்குள் நாலு வகுப்பு போய்விட்டது. பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும்போது நாலு வகுப்பு என்பது சின்ன விசயம் இல்லை.

இதில் எவரும் பிழையாக ஒன்றையும் அடிக்கவில்லை. தாளில் 8.00. தோஹாவில் 8.00. தில்லையடியில் 10.30. இந்த இரண்டரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது?

எங்கள் பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1996 மே 25ஆம் திகதி, மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அந்த வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் அப்படியே இருந்தது. விடியாத இருட்டில் நாங்கள் பள்ளிக்கூடம் போனது அந்தக் காலத்தில்தான். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே வைக்க வேண்டும். முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணப் பக்கம் போனால் திரும்பவும் முன்னே வைக்க வேண்டும். அந்தப் பாதையில் போன யாரிடமாவது "எட்டு மணிக்கு வாங்க" என்று சொன்னால், "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி கேட்காமல் "எட்டு மணி" என்பதற்கு அர்த்தமே இல்லை.

எங்கள் அட்டவணையிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கலண்டரில் ஏற்றுவதற்காகச் சேமித்த கோப்பு இப்படித்தான் இருந்தது:

```
Subject,Start Date,Start Time,End Date,End Time
Maths,10/10/2025,8:00 PM,10/10/2025,9:30 PM
```

பாடம் இருக்கிறது, திகதி இருக்கிறது, மணி இருக்கிறது. எந்த ஊர் மணி என்று ஒரு இடத்திலும் இல்லை. இந்த வகைக் கோப்பில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. அப்போது கலண்டர் என்ன செய்யும்? தன்னுடைய நேர வலயத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கலண்டருக்கும் தனக்கென்று ஒரு நேர வலயம் உண்டு. தோஹாவில் திறந்த கலண்டர் என்பதால் அதன் வலயம் கத்தார். ஆகவே "8.00" என்பதை அது "கத்தார் நேரம் இரவு 8.00" என்று எழுதி வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு போன்கள் செய்தது எல்லாம் சரியான வேலைதான். உலகப் பொது நேரத்துக்குக் கத்தார் 3 மணித்தியாலம் முன்னே. இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முன்னே. கத்தாரில் இரவு 8.00 என்றால் உலகப் பொது நேரம் மாலை 5.00. அதோடு ஐந்தரையைக் கூட்டினால் எங்கள் ஊரில் இரவு 10.30. உம்மாவின் போன் பொய் சொல்லவில்லை. கலண்டரில் இருந்த பிழையான மணியைச் சரியாக மாற்றிக் காட்டியது.

கலண்டரை உருவாக்கியவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஏனென்றால் அவருடைய போனும் கத்தாரில், கலண்டரும் கத்தாரில். இரண்டும் ஒன்றாக இருப்பதால், தாளில் உள்ள மணி அப்படியே திரையில் தெரியும். உண்மையில் கலண்டர் சரியாக இருந்திருந்தால், தோஹாவில் இருப்பவருக்கு எங்கள் 8 மணி வகுப்பு மாலை 5.30 என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு 8.00 என்று தெரிந்ததே பிழைக்கு அடையாளம். ஆகவே வெளிநாட்டில் இருப்பவர் "என் போனில் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நிகழ்ச்சி நடக்கிற ஊரில் இருக்கும் ஒருவருடைய போனில்தான் சரி பார்க்க வேண்டும்.

எங்களைக் குழப்பிய இன்னொன்றும் உண்டு. அதே கலண்டரில் போயா விடுமுறைகளும் ஏற்றியிருந்தோம். அவை எல்லாம் சரியான நாளில் இருந்தன. "விடுமுறை சரியாக இருக்கிறதே, அப்போ கலண்டரில் பிழை இல்லை" என்று குழுவில் சிலர் வாதாடினார்கள். முழுநாள் நிகழ்வுக்கு மணி கிடையாது, திகதி மட்டும்தான். மணி இல்லாததால் நேர வலயம் அதைத் தொடாது. முழுநாள் நிகழ்வுகள் சரியாக இருந்து, மணியுள்ளவை எல்லாம் ஒரே அளவு தள்ளி இருந்தால், அது நேர வலயப் பிழைதான்.

எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வைத்துக் கலண்டர் எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டரை மணித்தியாலம் என்றால் கத்தார், சவூதி, குவைத். ஒன்றரை என்றால் துபாய், அபுதாபி, ஓமான் பக்கம். ஐந்தரை என்றால் லண்டனின் குளிர்காலம் அல்லது வெறும் உலகப் பொது நேரம். நாலரை என்றால் லண்டனின் கோடைகாலம்.

இவ்வளவும் கலண்டரின் பிழை. எங்கள் வகுப்பில் ஒரு மாணவனுக்கு மட்டும் வேறு மாதிரி நடந்தது. நாங்கள் கலண்டரைத் திருத்தி எல்லோருக்கும் 8.00 என்று வந்த பிறகும், அவனுடைய போனில் மாலை 5.30 என்று காட்டியது. அவன் மாலை ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்திருந்தான். போனின் மேல் மூலையில் ஓடும் கடிகாரம் ஒரு நிமிடமும் பிசகாமல் சரியாக இருந்தது.

அது சவூதியில் இருந்து வாப்பா கொண்டுவந்த போன். அதில் நேர வலயம் சவூதியிலேயே இருந்தது. ஊருக்கு வந்து கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று பார்த்தவர்கள், வலயத்தை மாற்றாமல், மணியை மட்டும் கையால் இரண்டரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருக்கிறார்கள். கடிகாரம் இலங்கை மணி காட்டும். ஆனால் போன் தான் சவூதியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். கலண்டரில் இருந்து வரும் வகுப்பைச் சவூதி நேரத்துக்கு மாற்றி 5.30 என்று காட்டும்.

2006இல் கணினி வைத்திருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். அப்போதைய விண்டோஸ் பட்டியலில் இலங்கைக்குரிய Sri Jayawardenepura என்ற வரி 6 மணித்தியாலம் முன்னே என்று இருந்தது. நாடு ஏப்ரல் 15இல் ஐந்தரைக்குத் திரும்பியது. பழைய கணினிக்கு அது தெரியாது. சிலர் மணியைக் கையால் அரை மணித்தியாலம் பின்னே வைத்தார்கள். கடிகாரம் சரியானது, ஆனால் இந்தியாவில் இருந்தோ வேறு நாட்டில் இருந்தோ வரும் சந்திப்பு அழைப்புகள் அரை மணித்தியாலம் பிந்திக் காட்டின. விசயம் தெரிந்தவர்கள் மணியைத் தொடாமல், பட்டியலில் சென்னை, கொல்கத்தா என்று இருந்த இந்திய வரியைத் தெரிவு செய்தார்கள். அதுவும் ஐந்தரை என்பதால் எல்லாம் சரியாக வந்தது. மணியைத் திருத்துவதும் வலயத்தைத் திருத்துவதும் ஒன்றல்ல.

ஆகவே ஒரு சின்னக் கணக்கு. ஊரில் எல்லோருடைய போனிலும் ஒரே மாதிரிப் பிழை என்றால், பிழை கலண்டரில். ஒருவருடைய போனில் மட்டும் பிழை என்றால், பிழை அந்தப் போனில். கத்தார், சவூதி விசயத்தில் திசையும் இதைச் சொல்லும். கலண்டர் அங்கே மாட்டியிருந்தால் வகுப்பு இரவு 10.30க்குப் பிந்தும். போன் அங்கே மாட்டியிருந்தால் மாலை 5.30க்கு முந்தும்.

போனைத் திருத்துவது சுலபம். செட்டிங்கில் திகதியும் நேரமும் உள்ள இடத்துக்குப் போய், நேரத்தையும் நேர வலயத்தையும் தானாக எடுக்கும்படி விடுங்கள். பிறகு கூகுள் கலண்டர் செயலியின் செட்டிங்கில் General என்ற பகுதியில் `Use device time zone` என்று ஒன்று இருக்கும். அது அணைந்திருந்தால், கீழே வேறு ஏதாவது ஊர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். போன் சரியாக இருந்தாலும் செயலி மட்டும் தோஹாவில் இருக்கலாம்.

கலண்டரைத் திருத்துவதில்தான் ஒரு சிக்கல். கணினியில் கலண்டரைத் திறந்து, இடது பக்கம் அதன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் `Settings and sharing` வரும். அதில் `Time zone` என்ற இடத்தில் Colombo என்று முடியும் வரியைத் தெரிவு செய்ய வேண்டும். எங்கள் பழைய மாணவர் அதை உடனே செய்தார். ஆனால் வகுப்புகள் அசையவில்லை. அதே 10.30. "மாற்றிவிட்டேனே, ஏன் டீச்சர் இன்னும் அப்படியே இருக்கு?" என்று அவருக்குக் குழப்பம்.

காரணம் இதுதான். கோப்பை ஏற்றும் அந்த ஒரு தடவைதான் கலண்டர் "எந்த ஊர் எட்டு மணி" என்று தீர்மானிக்கிறது. தீர்மானித்த பிறகு அது உலகப் பொது நேரம் மாலை 5.00 என்று ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். பிறகு வலயத்தை மாற்றினால், இனிமேல் ஏற்றுபவைக்குத்தான் அது பயன்படும். பழையவை இடம் மாறாது. ஆகவே ஏற்றியதை எல்லாம் அழித்துவிட்டு, வலயத்தைக் கொழும்புக்கு மாற்றிய பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். எழுபது எண்பது வகுப்பை ஒவ்வொன்றாக அழிப்பது பெரிய வேலை. நாங்கள் அந்தக் கலண்டரையே முழுதாக நீக்கிவிட்டு, புதிதாக ஒன்று திறந்து, முதலில் வலயத்தை வைத்து, ஒரே ஒரு வகுப்பை மட்டும் ஏற்றி, ஊரில் மூன்று போனில் 8.00 என்று வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மிச்சத்தை ஏற்றினோம். நேரசூசிக்குத் தனிக் கலண்டர் வைப்பது இதற்காகத்தான். சொந்த வேலைகள் உள்ள கலண்டரில் ஏற்றியிருந்தால் இப்படி நீக்க முடியாது.

கணினி தெரிந்த பிள்ளைகள் கோப்பிலேயே ஊரை எழுதவும் முடியும். `.ics` என்று முடியும் கலண்டர் கோப்பில் தொடக்க நேரத்தை இப்படி எழுதினால், எந்த நாட்டில் யார் ஏற்றினாலும் எங்கள் எட்டு மணி எட்டு மணியாகவே இருக்கும்:

```
DTSTART;TZID=Asia/Colombo:20251010T200000
```

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். லண்டனில் இருந்து ஒருவர் ஞாயிறுதோறும் ஆங்கிலம் எடுத்தார். அவருடைய வகுப்பை அவரே கலண்டரில் போட்டார்: லண்டன் நேரம் பிற்பகல் 3.30, ஒவ்வொரு ஞாயிறும். எங்களுக்கு இரவு 8.00 என்று சரியாக வந்தது. ஒக்டோபர் 12 சரி, 19 சரி. 26ஆம் திகதி கலண்டரில் இரவு 9.00 என்று இருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. பிரித்தானியாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே எடுப்பார்கள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னே தள்ளுவார்கள். அந்த வகுப்பின் நேர வலயம் லண்டன் என்று பதிந்திருந்ததால், லண்டனில் 3.30 மாறாமல் நின்றது, எங்கள் மணிதான் ஓடியது.

இதற்கும் வழி உண்டு. கணினியில் அந்த நிகழ்வைத் திருத்தத் திறந்தால், மணிக்குப் பக்கத்தில் `Time zone` என்று இருக்கும். அதைக் கொழும்புக்கு மாற்றி, மணியை 8.00 என்று வைத்தால், எங்கள் பக்கம் வருடம் முழுக்க அசையாது. லண்டன்காரருக்குக் கோடையில் 3.30, குளிரில் 2.30. ஆனால் இது அவரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய விசயம். இரண்டில் ஒரு பக்கம் நகர்ந்துதான் ஆக வேண்டும். யார் நகர்வது என்பதைக் கலண்டர் பேசித் தீர்க்காது. அவர் வேலைக்குப் போகும் நேரம் அது இல்லை என்பதால் சம்மதித்தார். வேறொருவராக இருந்தால் நாங்கள் 9 மணிக்கு மாற வேண்டி வந்திருக்கும். வளைகுடா நாடுகளில் இந்தக் கோடை, குளிர் மாற்றம் கிடையாது. ஆகவே அங்கே இருப்பவர்களோடு இந்தத் தலையிடி வராது.

அந்த உம்மாவிடம் நாங்கள் திருத்திய பிறகு ஒருதரம் பேசினோம். "எட்டு மணி என்றால் பிள்ளை என் கண் முன்னுக்கே இருந்து படிக்கட்டும்" என்றார். பிள்ளை வகுப்புக்கு வரத் தொடங்கினாள். தவறிப்போன நாலு வகுப்பையும் சனி, ஞாயிறு காலைகளில் திரும்ப எடுத்தோம்.

அடுத்த தவணைக்கான நேரசூசியை இன்ஷா அல்லாஹ் இந்த வாரம் அதே கலண்டரில் ஏற்றுகிறோம். இரண்டு உதவி வேண்டும். வெளிநாட்டில் இருந்து குழுவில் நேரம் எழுதும் சகோதரர்கள், மணியோடு "இலங்கை நேரம்" அல்லது "கத்தார் நேரம்" என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். ஊரில் உள்ள பெற்றோர், பிள்ளையின் போனில் வெள்ளிக்கிழமை கணிதம் எத்தனை மணி என்று காட்டுகிறது என்று பாருங்கள். 8.00 என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வேறு மணி என்றால் அந்த மணியை மட்டும் கீழே எழுதுங்கள். எங்கே பிழை என்று நாங்கள் சொல்கிறோம்.

வஸ்ஸலாம்.